“இசைப் பொருத்தம்” வேண்டாம் என்றால் வேறு என்ன சொல்?

மாலதி:
வணக்கம். காணொளித் தளம் ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கி வருகிறோம். காணொளியில் ஒலிக்கும் பாட்டை இயந்திரம் கண்டுபிடித்து, அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு ஓர் அறிவிப்பு அனுப்புமே, அதற்கு “இசைப் பொருத்தம்” என்று வைத்தோம். சரிபார்த்த ஒருவர், பாட்டு காட்சிக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று தளம் பாராட்டுவதாக எடுத்துக்கொண்டார். “உரிமை மீறல் அறிவிப்பு” கடுமையாகப் படுகிறது. என்ன செய்யலாம்?

தேவராஜன்:
“மீறல்” கூடவே கூடாது. கடுமை ஒருபுறம் இருக்கட்டும், பொருளே தவறு. உரிமையாளர் தம் பதிவைத் தளத்திடம் முன்பே கொடுத்து வைத்திருப்பார். அதன் ஒலியிலிருந்து தளம் ஓர் அடையாளத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். நான் “ஒலிரேகை” என்பேன். புதிதாக ஏறும் காணொளியிலும் அப்படியே எடுத்து ஒப்பிடும். ஒத்துப்போனால், எந்த நொடி முதல் எந்த நொடி வரை என்று குறித்துக்கொண்டு, உரிமையாளர் சொல்லிவைத்ததைச் செய்யும். நீங்கள் அனுமதி வாங்கினீர்களா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே “இசையொப்பு அறிவிப்பு”.

செல்வி:
நான் பள்ளி ஆசிரியை. சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இதே சிக்கலில்தான் இருக்கிறேன். ஆண்டு விழாக் காணொளியை ஒரு தளத்தில் ஏற்றினோம். பரிசளிப்பின்போது பின்னால் சினிமாப் பாட்டு ஓடியது. அந்த நேரம் முழுக்க ஒலியே இல்லை. தலைமையாசிரியர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழைத்ததும் போய்விட்டது. பள்ளிக் கணக்கை முடக்கிவிடுவார்களா?

இக்பால்:
அம்மா, கவலை வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 பள்ளி விழாவில் பாட்டு ஒலிக்கவிட விலக்கு தருகிறது. அதைச் சொல்லி மறுத்தால் ஒலி திரும்பிவிடும்.

தேவராஜன்:
இக்பால் சொல்வது பாதி சரி. அந்த விலக்கு, பார்ப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால்தான். அரங்கில் ஒலித்தது அதற்குள் வரும். இணையத்தில் யாரும் பார்க்கும்படி ஏற்றியதற்கு அதை நம்பி மறுப்பு எழுத மாட்டேன்.

செல்வி அம்மா, ஒலி நின்றதாலேயே கணக்கு முடங்காது. யூடியூபில், தானியங்கி ஒப்பினால் வரும் உரிமைகோரலும் கணக்கைப் பாதிக்கும் எச்சரிக்கையும் வேறு வேறு. அறிவிப்பைத் திறந்து எந்தப் பாட்டு, எந்த நேரம், எந்தெந்த நாடுகளில் என்று பாருங்கள். பேச்சும் சேர்ந்து போனதற்குக் காரணம், பேச்சும் பாட்டும் ஒரே தடத்தில் கலந்து பதிவானது. தளம் அந்த நேரத்து ஒலி முழுவதையும் நிறுத்துகிறது. படம் எடுத்தவரிடம் மேடை மைக்கின் ஒலி தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த இடத்தில் அதை வைத்து மறுபடி ஏற்றலாம். மைக்கிலும் ஒலிபெருக்கிப் பாட்டு லேசாக விழுந்திருக்கும். அதுவே மறுபடி ஒப்பாகலாம், ஒருமுறை போட்டுக் கேளுங்கள். யூடியூபில் Erase song என்ற வழி பாட்டை மட்டும் நீக்கப் பார்க்கும். பாட்டு உரக்க இருந்தால் பேச்சும் சிதையும்.

செல்வி:
“பாட்டுக்கு உரிமை எங்களுடையதல்ல” என்று விளக்கத்தில் எழுதியிருந்தோமே?

தேவராஜன்:
அதனால் பயனில்லை, ஒப்பீடு ஒலியை மட்டும்தான் பார்க்கும். அனுமதிக் கடிதம் கையில் இருந்தால், அல்லது உங்கள் மாணவர்களே வாசித்ததை வேறொருவர் பதிவென்று இயந்திரம் தவறாக எடுத்திருந்தால் மறுப்பு அனுப்பலாம். யூடியூபில் உரிமைகோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் உரிமைகோரல் காலாவதி. அவர் நிராகரித்தால் மேல்முறையீடு. அதற்கு அவர் பதில் தர 7 நாள். அதன்பிறகு அவர் காணொளியையே நீக்கக் கோரலாம். அந்தக் கோரிக்கை செல்லுபடியானால்தான் கணக்கில் எச்சரிக்கை விழும். ஆதாரம் இல்லாமல் அந்தப் படிவரை போக வேண்டாம்.

மாலதி:
அப்படியானால் மூன்று சொல் வேண்டும். அறிவிப்புக்கு “இசையொப்பு”, நிகழ்ந்ததற்குப் “பகுதி ஒலிநிறுத்தம்”, பயனர் செய்வதற்கு “மறுப்பு”. “ஒலியடக்கம்” என்று ஏற்கெனவே பயனர் தாமே அழுத்தும் பொத்தானுக்கு வைத்திருக்கிறோம், அதனால் இங்கே தவிர்க்கிறேன்.

இக்பால்:
“மறுப்பு” என்றால் பாட்டே என் காணொளியில் இல்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது. அனுமதி வாங்கியவர் பாட்டு இருப்பதை மறுக்கவில்லையே. “எதிர்முறையீடு” வைக்கலாம்.

தேவராஜன்:
மேல்முறையீடு அடுத்த படியாக வருகிறது. இரண்டு முறையீடு அடுத்தடுத்து வந்தால் குழப்பம்.

செல்வி:
என் சக ஆசிரியர்களிடம் “இசையொப்பு” என்று சொல்லிப் பார்த்தேன். இருவர் கையொப்பமா என்று கேட்டார்கள். “பாட்டு அடையாளம் காணப்பட்டது” என்றதும் புரிந்துகொண்டார்கள். படம் எடுத்தவரிடம் மைக் பதிவு இருக்கிறதாம், நாளை தருகிறார்.

மாலதி:
தலைப்பில் செல்வி அம்மா சொன்ன வாக்கியமும், உள்ளே “இசையொப்பு” என்ற சொல்லும் வைத்துப் பார்க்கிறேன். “மறுப்பு” பற்றி மற்றவர்களும் எழுதுங்கள்.