பியூரினுக்கு ‘ஊன்காரம்’ சரிவருமா?

மாலதி:
கவுட் என்ற மூட்டு நோய் உள்ளவர்களுக்கான உணவுக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். பியூரின் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வேதியியலில் அது ஒரு காரம். அது மிகுந்த இறைச்சி, ஈரல், மத்தி, நெத்திலி என்று எல்லாமே ஊன் என்பதால் ‘ஊன்காரம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

இளங்கோ:
ஊன் வேண்டாம் மாலதி. பருப்பிலும் காளானிலும் பியூரின் உண்டு. அவற்றால் கவுட் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்பது தனிக் கதை. டி.என்.ஏ.வில் இருக்கும் பொருள்தானே? ‘உட்கருக்காரம்’ என்று வைத்தால் முடிந்தது.

சண்முகம்:
பாதி சரி, தம்பி. ஈரலுக்கு அது பொருந்தும். செல்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால் உட்கருவும் அதிகம், பியூரினும் அதிகம். ஆனால் தசையில் பெரும்பங்கு, அதற்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யிலிருந்து வருகிறது. அது உட்கருவைச் சேர்ந்ததல்ல. அப்புறம், டி.என்.ஏ.வில் பிரிமிடின் என்ற இன்னொரு வகைக் காரமும் இருக்கிறதே. அது சிதைந்தால் கவுட்டுக்குக் காரணமான யூரிக் அமிலம் வராது. பியூரின் மட்டும்தான் ஹைப்போசாந்தைன், சாந்தைன் என்று படிப்படியாக மாறி யூரிக் அமிலத்தில் முடிகிறது. மற்றப் பெரும்பாலான பாலூட்டிகளில் அதையும் உடைக்க யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. நமக்கு அது வேலை செய்வதில்லை.

1884இல் எமில் ஃபிஷர் ‘தூய’, ‘யூரிக்’ என்பவற்றுக்கான லத்தீன் சொற்களை ஒட்டித்தான் பியூரின் என்றே பெயர் வைத்தார். என் ஓட்டு ‘இருவளையக் காரம்’. பிரிமிடினுக்கு ஒரே வளையம்.

பர்வீன்:
காரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா? அப்பாவுக்குப் போன வருடம் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்தார். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.1. நார்மல்தான், கவுட் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 8.7! இப்போது இறைச்சியை வேகவைத்துத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு சாற்றை மட்டும் குடிக்கிறார். மிளகாயையும் விட்டுவிட்டார்.

சண்முகம்:
ஐயோ, தலைகீழாகச் செய்கிறாரே அம்மா! வேகும்போது பியூரினில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். ஒதுக்க வேண்டியது அந்தச் சாற்றைத்தான். துண்டை அளவாகச் சாப்பிடலாம். மிளகாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த 6.1ஐ நம்பியதுதான் பிழை. உடல் வெப்பத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரிக் அமிலம் யூரேட் உப்பாகப் படிகமாகத் தொடங்கலாம். படிகம் மூட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்; வலி வந்த நாளில் ரத்த அளவு இறங்கியிருப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். உணவை மட்டும் மாற்றி 8.7ஐ 6க்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம். பெரும்பகுதி பியூரினை உடலே உண்டாக்குகிறது, சிறுநீரகம் வெளியேற்றுவதும் குறைந்திருக்கும். மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இளங்கோ:
பர்வீனின் அப்பா மிளகாயை விட்டதைப் படித்தபின் ‘காரம்’ என்று முடியும் எந்தச் சொல்லுக்கும் நான் ஓட்டுப் போட மாட்டேன். என் சொல்லையும் சேர்த்துத்தான்.

சண்முகம்:
வேதியியல் பாடநூலில் காரம் நிலைத்துவிட்டது தம்பி, அதை மாற்ற முடியாது.

மாலதி:
பாடநூலில் இருவளையக் காரம் இருக்கட்டும். நோயாளிக் குறிப்பில் ‘பியூரின்’ என்றே விடுகிறேன். சாற்றைப் பற்றி மூலத்தில் ஒரு வரிகூட இல்லை, அதைச் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அடுத்து கவுட். ‘கீல்வாதம்’ என்றால் எல்லா மூட்டுவலியும் அதற்குள் வந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?