160 வைத்தால் பின்னறையில் வேகம் படுத்துவிடுகிறது, ஏன்?

பாளைவாசி: பாளையங்கோட்டை மகாராஜநகரில் சுவரோடு சுவராக ஒட்டிய வீடு. 200 எம்பிபிஎஸ் திட்டம். முன்ஹாலில் இருக்கும் புது ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு Channel Width இருப்பதிலேயே பெரிதாக 160 வைத்தேன். ஹாலில் 200 முழுசாக வருகிறது. பின்னறையில் 30ஐத் தாண்டவில்லை, மகளின் ஆன்லைன் வகுப்பு அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் அங்கேயும் லேப்டாப் இணைப்பு வேகம் 576 என்று காட்டுகிறது. ரூட்டர் பழுதா?

டவுன்காரன்: பழுது இல்லை. அகலம் கூடக்கூட சிக்னல் பரவி மெலியும். 20 வையுங்கள், சுவரைத் தாண்டிப் போகும். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் 20தான்.

ஆலங்குளம் தோட்டம்: எனக்கும் இதே தொல்லை. 2.4ல் 40 வைத்தால் மோட்டார் ரூம் கேமரா அடிக்கடி அறுந்துபோகிறது. எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

வயர்மேன்: டவுன்காரர் சொன்னதில் பாதி சரி. அகலம் இரட்டிக்கும்போதெல்லாம் இரைச்சல் 3 டெசிபெல் கூடும். ஆனால் 20ல் இந்த மாதிரி லேப்டாப் காட்டும் உச்சமே 286, கைக்கு வருவது அதைவிட நன்றாகக் குறையும். ஹாலில் வரும் 200ம் போய்விடும். பாளைவாசி, 576 காட்டியும் 30தான் வருகிறது என்றால் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது என்று சந்தேகப்படணும். வைஃபை அனலைசர் ஆப்பைப் பின்னறையில் திறந்து பாருங்கள்.

பாளைவாசி: பார்த்தேன் அண்ணாச்சி. நம்முடையது சேனல் 36, -71 dBm. பக்கத்து வீட்டுக்காரருடையது 52, அகலம் 80, -58 dBm. ஹாலில் அது -86தான்.

வயர்மேன்: அதுதான் விஷயம். 36ல் 160 வைத்தால் 36லிருந்து 64 வரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மேல்பாதி அப்படியே பக்கத்து வீட்டினுடையது. ரூட்டர் காற்று காலியா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பும், ஆனால் ஹாலில் இருந்து கேட்டால் அது காதில் விழாது. துணையாகச் சேர்த்த அந்த மேல்பாதியை அவ்வளவு நுணுக்கமாகக் கேட்பதும் இல்லை. அதனால் முழு அகலத்தில் அனுப்பிவிடுகிறது. பின்னறையில் அவர்கள் சிக்னல் நம்முடையதைவிட 13 டெசிபெல் பலம், பாக்கெட் கெட்டுப்போகும். 80க்கு இறக்கி, சேனலை ஆட்டோவில் விடாமல் 36 என்று நிறுத்துங்கள்.

பாளைவாசி: மாற்றினேன். இணைப்பு வேகம் 432 ஆகக் குறைந்தது, டெஸ்டில் 170, 180 வருகிறது! வகுப்பும் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் ராத்திரி சில நேரம் 90க்கு இறங்குகிறது.

டவுன்காரன்: அதற்குத்தான் 20 சொன்னேன்.

வயர்மேன்: அந்த நேரத்தில் அனலைசரில் 36லிருந்து 48க்குள் வேறு யாராவது தெரிகிறார்களா பாருங்கள். தெரிந்தால் அதே 80ஐ 149ல் வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் நெருக்கடி என்றால் 40. யாருமே தெரியாவிட்டால் லைனிலேயே இறங்குகிறதா என்று ரூட்டரில் கேபிள் குத்தி டெஸ்ட் செய்யணும்.

ஆலங்குளம் தம்பி, உங்களுடையது வேறு கதை. 2.4ல் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது 1, 6, 11 மட்டும்தான், 40 வைத்தால் அதில் இரண்டை விழுங்கிவிடும். கேமராவுக்கு 20 தாராளம். எக்ஸ்டெண்டரைப் பிறகு பார்க்கலாம், முதலில் மோட்டார் ரூமில் எத்தனை dBm காட்டுகிறது?