கிளட்ச் எஸ்டிமேட்டில் லேபர் மட்டும் 11 மணி நேரம், இது நியாயமா?

இரவுப்பயணி: கியர்பாக்ஸ் கையால் மாற்றும் முன்சக்கர இழுவைக் கார். மேடு ஏறும்போது எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. எஸ்டிமேட்டில் ஜெனுயின் கிளட்ச் செட் மாற்ற லேபர் 6 மணி, கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மாற்ற லேபர் 5 மணி, அப்புறம் கியர் ஆயில் என்று இருக்கிறது. பார்ட் நம்பர் எதுவும் இல்லை. வெளியே கிளட்ச் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

வெண்புறா: கம்பெனி பெட்டியில் வராத எதையும் போடாதீங்க. கிளட்ச் நடுங்கும்.

ஸ்பேனர்_பெட்டி: விலையை விடுங்கள், முதலில் அந்த 5 மணியைப் பாருங்கள். சீலுக்கு அவ்வளவு நேரம் ஆவதே கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதால்தான். கிளட்சுக்காக அது ஏற்கெனவே கீழே வந்துவிடும். அதன்பின் ஃப்ளைவீலைக் கழற்றிப் பழைய சீலை எடுத்துப் புதியதை அடிக்க பெரும்பாலும் ஒரு மணி நேரம் போதும். ஒரே வேலைக்கு இரண்டு தடவை கணக்குப் போட்டிருக்கிறார்கள். கியர் ஆயில் நியாயம்தான், டிரைவ் ஷாஃப்டை உருவினால் பல வண்டிகளில் ஆயில் வெளியே வந்துவிடும்.

வெண்புறா சொல்வது பாதி சரி. பெரும்பாலான கார் கம்பெனிகள் கிளட்சைத் தாங்களே செய்வதில்லை. வாலியோ, லூக், எக்ஸெடி போன்றவர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுகிறார்கள். உங்கள் வண்டிக்குச் சப்ளை செய்தவரின் செட் அவர் பெட்டியிலேயே கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பாதி விலை பிளேட்டுக்கு மட்டுமா, பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பார்ட் நம்பர் இல்லாமல் ஒப்பிடவே முடியாது.

மஞ்சள்_ஹெட்லைட்: எனக்கு பிரேக் வேலைக்கு 4 மணி போட்டு, மூன்றிலேயே முடித்துவிட்டார்கள். மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

ஸ்பேனர்_பெட்டி: நேரத்தை முன்பே பேசி முடித்திருந்தால் முடியாது. போல்ட் துருப்பிடித்து 6 மணி ஆகியிருந்தாலும் அவர்கள் 4 தானே கேட்டிருக்க வேண்டும்?

இரவுப்பயணி: பேசிப் பார்த்தேன் சார். சீல் லேபரை ஒரு மணியாகக் குறைத்துவிட்டார்கள், பார்ட் நம்பரும் எழுதித் தந்தார்கள். ஆனால் சீல் கசிகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "கீழே ஆயில் இருக்கு" என்கிறார்கள்.

ஸ்பேனர்_பெட்டி: அது போதாது. மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசிந்தாலும் வழிந்து அங்கேதான் வரும். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலாகவும் இருக்கலாம், அது வேறு பார்ட். இறக்கியதும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். அதைப் பார்க்கும்வரை சீலை மாற்றச் சம்மதம் சொல்லாதீர்கள்.

வெண்புறா: எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், கசியாவிட்டாலும் சீலை மாற்றிவிடலாமே?

ஸ்பேனர்_பெட்டி: ஓட்டம் அதிகமான வண்டி என்றால் சிலர் அப்படித்தான் செய்வார்கள். காய்ந்து சுத்தமாக இருக்கும் சீலை நான் தொடமாட்டேன்.