வேலைவாய்ப்பு முகாமில் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் எதை முதலில் சொல்வது?

வணக்கம் நண்பர்களே. டிப்ளமோ மெக்கானிக்கல், 2022 பாஸ்அவுட், ஊர் திருப்பூர் பக்கம். கோவையில் ஒரு சின்ன சிஎன்சி பட்டறையில் இரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்தேன், அதில் கடைசி ஒரு வருடம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனும் நான்தான் பார்த்தேன். ஆர்டர் குறைந்து பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது தேடுவது குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை.

மாவட்ட முகாம்களுக்குப் போனால் எல்லா மேசையிலும் ஒரே கதைதான். ரெஸ்யூமை வாங்கியதும் கண் நேராக மார்க்குக்கும் பாஸான வருடத்துக்கும் போகிறது, "டிப்ளமோவா? டிரெய்னி இருக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஓகேவா?" என்று கேட்டுவிட்டு டிரெய்னி ரெஸ்யூம் கட்டோடு வைத்துவிடுகிறார்கள். பின்னால் நீளமான வரிசை, மேற்கொண்டு பேச வழியில்லை.

முகாமுக்கு முன்பே tnprivatejobs.tn.gov.in-இல் பதிவு செய்து, வரும் கம்பெனிகளில் குவாலிட்டி ஆள் கேட்பவர்களை மட்டும் குறித்துக்கொண்டு, கூட்டம் சேரும் முன் காலையிலேயே அங்கே போய்ப் பார்த்தேன். ரெஸ்யூமை ஒரு பக்கமாக்கி, அனுபவத்தைப் படிப்புக்கு மேலே ஏற்றினேன். மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஹைட் கேஜ் மூன்றும் தெரியும் என்று வாயாலும் சொன்னேன். தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். மேசையில் இருப்பது பெரும்பாலும் ஹெச்ஆர் ஆட்கள், அளவுக் கருவி பேரெல்லாம் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை என்று தோன்றுகிறது. நான் கையால் நிரப்பிய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மாதிரி ஒன்றை, கஸ்டமர் பேரும் பார்ட் நம்பரும் இல்லாமல், அடுத்த முறை எடுத்துப் போகலாமா என்று யோசனை.

முகாமில் ஆள் எடுத்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: டிரெய்னி கட்டுக்குப் போகாமல் குவாலிட்டி ஆளிடம் என் ரெஸ்யூம் போய்ச் சேர, உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக நான் என்ன சொல்ல வேண்டும்?