ஸ்லாப் இன்சென்டிவ்: டீலர் மீட் உரைக்கு ஒரு சொல் வேணும்

அனுப்பியவர்: ரா.சு., ஈரோடு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சிமென்ட் கம்பெனியோட வருடாந்திர டீலர் மீட்டுக்கு மேனேஜர் பேசப்போற உரைய தமிழ்ல எழுதித் தர்றேன். நன்றி சொல்ற பகுதி ஒருவழியா வந்துருச்சு. அடுத்த வருஷ இன்சென்டிவ் அறிவிக்கற இடத்துலதான் நிக்குது. எனக்குக் கொடுத்த இங்கிலீஷ் குறிப்புல இருக்கறது இவ்வளவுதான்: ஏப்ரல்லருந்து மார்ச் வரைக்கும் 300 டன் எடுத்தா டன்னுக்கு 30 ரூபா, 500 டன் எடுத்தா டன்னுக்கு 50 ரூபா. இதுக்கு ஸ்லாப் இன்சென்டிவ்னு பேரு. 'படிநிலை ஊக்கத்தொகை'ன்னு எழுதி வச்சிருக்கேன், இது போதுமா, இல்ல வேற நல்ல சொல் இருக்கா?

அனுப்பியவர்: க.நா., மதுரை

நல்ல சொல்தான் ரா.சு., அப்படியே வச்சுக்கலாம். வருமான வரியிலயும் ஸ்லாப்ப படிநிலைன்னுதான் எழுதறோம், ரெண்டும் ஒரே மாதிரிதானே, ஒவ்வொரு படிக்கும் ஒரு விகிதம், அந்தப் படிக்குள்ள வர்ற அளவுக்கு மட்டும் அந்த விகிதம், அதனால புதுசா ஒண்ணு தேட வேண்டியதில்ல.

அனுப்பியவர்: சு.வே., கோவை

க.நா. சொன்னது வரிக்குச் சரி. ஆனா டீலர் ஸ்கீம்ல பெரும்பாலும் அப்படிக் கணக்குப் போடறதில்ல, அதனாலதான் இந்தச் சொல் ஆபத்து. நான் ரொம்ப காலம் ஏரியா சேல்ஸ்ல இருந்தவன், மார்ச் முடிஞ்சு தொகைய டீலர் கணக்குல வரவு வச்சு கிரெடிட் நோட் போடும்போது வர்ற சண்டையில பாதி இந்த ஒரு இடத்துலருந்துதான் வரும்.

ஒரு டீலர் வருஷத்துக்கு 620 டன் எடுக்கறாருன்னு வைங்க. 500 தாண்டிட்டாரு, அதனால மொத்த 620 டன்னுக்கும் 50 ரூபான்னா 31,000 ரூபா வரும். வருமான வரி மாதிரி போட்டா முதல் 300க்கு ஒண்ணும் கிடையாது, அடுத்த 200 டன்னுக்கு 30 ரூபா வீதம் 6,000, அதுக்கு மேல 120 டன்னுக்கு 50 வீதம் 6,000, ஆக 12,000தான். ஒரே ஸ்கீம், ஒரே வாக்கியம், வித்தியாசம் 19,000 ரூபா. மேடையில கேட்டவர் 31,000னு மனசுல எழுதிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு. 'படிநிலை'ங்கற சொல் ரெண்டு கணக்குக்கும் பொருந்துது, அதனால அது எதையுமே சொல்லல.

ரா.சு., முதல்ல கம்பெனிகிட்ட எந்தக் கணக்குன்னு கேட்டுட்டு வாங்க. சொல்ல அப்புறம் பாக்கலாம்.

அனுப்பியவர்: மு.ப., தாராபுரம்

ஐயா எல்லாருக்கும் வணக்கம், நான் கடை வச்சிருக்கறவன், தமிழ் ஆர்வத்துல இந்தக் குழுவுல இருக்கேன். இன்சென்டிவ்னு பேச்சு வந்ததால கேக்கறேன், போன வருஷம் ஒரு கம்பெனியில வெளிநாட்டு டூர்னு மேடையில சொன்னாங்க, டார்கெட் முடிச்சேன், கடைசியில அவுட்ஸ்டாண்டிங் 45 நாள் தாண்டிருச்சுன்னு பேர எடுத்துட்டாங்க, அந்த நிபந்தனை மேடையில யாரும் சொல்லவே இல்ல, இதுக்கு எங்க போய் கேக்கறது?

அனுப்பியவர்: சு.வே., கோவை

மு.ப. தம்பி, உங்க கேள்வி சொல் பத்தினது இல்லைன்னாலும் இந்த உரைக்கு ரொம்ப வேண்டிய கேள்வி. ஸ்கீம் சர்க்குலர்னு ஒரு தாள் வந்திருக்கும், அதுல கீழ பாருங்க, பாக்கி நிபந்தனை அங்க இருந்தா வாதாடறது கஷ்டம், இல்லைன்னா எழுத்துல கேளுங்க. ரா.சு., இதுலருந்து உங்களுக்கு வேலை இருக்கு: தொகைய சொல்ற அதே மூச்சுல பாக்கி நிபந்தனையையும் மேனேஜர் சொல்லணும். எந்தத் தேதி வரைக்கும் பில் ஆனது கணக்குல சேரும்ங்கறதையும் சொல்லணும். மார்ச் 31க்கு ஆர்டர் போட்டு ஏப்ரல் 2ல லாரி ஏறினா அது எந்த வருஷம்னு ஒவ்வொரு தடவையும் தகராறு.

டூர பத்தி இன்னொண்ணு. 2022 ஜூலைல வந்த வருமான வரி விதிப்படி டூர், தங்கக் காசு மாதிரி சலுகை ஒருத்தருக்கு வருஷத்துல 20,000 ரூபாவுக்கு மேல போனா 10 சதவீதம் டிடிஎஸ் கட்டியாகணும். ஆனா விலையில கழிச்சுக் குடுக்கற தள்ளுபடிக்கு அது கிடையாதுன்னு அப்பவே விளக்கம் குடுத்துட்டாங்க. அதனால ரெண்டையும் ஒரே 'ஊக்கத்தொகை'க்குள்ள போட்டுப் பேசினா டீலரோட ஆடிட்டருக்கே குழப்பம்.

அனுப்பியவர்: த.இ., யாழ்ப்பாணம்

அப்ப கிரெடிட் நோட்டில வாறதுக்கு 'கழிவு' எண்டு சொல்லலாமே. எங்கட கடையளில 'விலைக்கழிவு' எண்டுதான் போர்டே போட்டிருப்பினம். முழுத்தொகைக்கும் கிடைக்கிறத 'முழுஅளவுக் கழிவு' எண்டும், எல்லைக்கு மேல உள்ளதுக்கு மட்டும் கிடைக்கிறத 'மேலளவுக் கழிவு' எண்டும் சொல்லிப் பாருங்கோ.

அனுப்பியவர்: க.நா., மதுரை

சொல் ரெண்டும் அருமை. ஆனா தமிழ்நாட்டுல மைக்ல 'கழிவு'ன்னு சொன்னா கழிவுநீர்தான் முதல்ல ஞாபகம் வரும், அதுவும் நன்றி விழாவுல. 'தள்ளுபடி'யே இருக்கட்டும். வரிக்கணக்கு விஷயத்துல சு.வே. ஐயா சொன்னத ஏத்துக்கறேன், ஆனா நியாயமா பாத்தா கம்பெனி மேலளவு முறையத்தான் வைக்கணும்னு இப்பவும் நினைக்கறேன்.

அனுப்பியவர்: சு.வே., கோவை

அதுல நியாயம் இருக்கு. முழுஅளவு முறையில மார்ச் கடைசி வாரம் என்ன ஆகும்னு பாருங்க. 480 டன்ல நிக்கறவருக்கு 30 வீதம் 14,400 வரும். இன்னும் 20 டன், அதாவது 400 மூட்டை எடுத்துட்டா 500க்கு 50 வீதம் 25,000. அந்த 400 மூட்டைக்காக 10,600 ரூபா கூட வருது, மூட்டைக்கு 26 ரூபா 50 காசு. அவரு அத எடுத்து பக்கத்து ஊர்ல மூட்டைக்கு 15, 20 குறைச்சுத் தள்ளுவாரு, அங்க இருக்கற நம்ம டீலரே விலை சரிஞ்சிருச்சுன்னு போன் போடுவாரு. தள்ள முடியாதவரு குடோன்ல அடுக்குவாரு, மழைக்காலம் வரைக்கும் கிடந்தா மூட்டை இறுகிப் போகும். ஒரு ஏரியாவுல மார்ச் லோடு ஏறி ஏப்ரல் லோடு படுத்துருச்சுன்னா விற்பனை கூடல, மூட்டை இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

ஆனாலும் டீலருக்கு முழுஅளவு முறைதான் பிடிக்கும், போட்டிக் கம்பெனி அதக் குடுக்கும்போது இவங்க மட்டும் மாத்த முடியாது. தள்ளுபடியில ஒரு பங்க மாசாமாசம் எடுத்த அளவ வச்சுக் கணக்குப் போட்டா மார்ச் கடைசி வாரத்து வேகம் கொஞ்சம் குறையும்.

அனுப்பியவர்: மு.ப., தாராபுரம்

எனக்கு முழுஅளவு, மேலளவு ரெண்டும் காதுல ஒண்ணாத்தான் விழுது ஐயா, பின்வரிசையில ஏசி சத்தத்துல இன்னும் மோசம். 'முதல் மூட்டையிலிருந்தே'ன்னு சொன்னா எங்களுக்கு உடனே புரிஞ்சிரும். பாக்கி விஷயத்துக்கு நன்றி, சர்க்குலர தேடிட்டிருக்கேன்.

அனுப்பியவர்: ரா.சு., ஈரோடு

கேட்டுட்டேன், முழுஅளவு முறைதான். சர்க்குலர்ல 'முழுஅளவுத் தள்ளுபடி'ன்னு போடறேன், மேடைக்கு மு.ப. சொன்னதையே எடுத்துக்கறேன். பெயிண்ட், பைப் கம்பெனிக்கு எழுதும்போது மூட்டை இல்லையே, அங்க 'முதலிலிருந்தே'ன்னு நிறுத்திக்கலாம். இப்ப இருக்கற வரைவு:

"கட்டட வேலை மந்தமா இருந்த மாசத்துலயும் லோடு நிறுத்தாம எடுத்தீங்க, ராத்திரி பத்து மணிக்கு வந்த லாரிக்கும் கடையத் திறந்து இறக்குனீங்க, கொத்தனார் கொண்டுவந்த புகார எங்ககிட்ட மறைக்காம சொன்னீங்க. அதுக்கு நன்றி. வர்ற ஏப்ரல் முதல் மார்ச் வரை 500 டன் தொட்டா, முதல் மூட்டையிலிருந்தே டன்னுக்கு 50 ரூபா தள்ளுபடி. 300 தொட்டு 500க்குள்ள நின்னா, முதல் மூட்டையிலிருந்தே 30 ரூபா. மார்ச் 31க்குள்ள பில் ஆனது மட்டும் சேரும். அன்னிக்கு 45 நாளுக்கு மேற்பட்ட பாக்கி இருக்கக் கூடாது. இது நாலும் சர்க்குலர்ல இதே வார்த்தையில இருக்கு."

இன்னொண்ணு முடியல. டீலர்கள இங்கிலீஷ்ல சொல்ற 'சேனல் பார்ட்னர்'க்கு 'பங்குதாரர்'னு கம்பெனி கேக்குது. அது கம்பெனியில பங்கு வச்சிருக்கறவர் ஆச்சே, 'முகவர்'னும் போட முடியாது, இவங்க சொந்தக் காசுல வாங்கி விக்கறவங்க. 'வணிகத் தோழர்'னு ஒரு யோசனை இருக்கு.

அனுப்பியவர்: த.இ., யாழ்ப்பாணம்

தோழர் எண்டா கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கும். 'விற்பனைத் துணைவர்'?

அனுப்பியவர்: மு.ப., தாராபுரம்

துணைவர் வேண்டாங்க, வீட்டுக்காரம்மா பக்கத்துல உக்காந்திருப்பாங்க. எங்கள டீலர்னே கூப்பிடச் சொல்லுங்க.