கடன் உள்ள வங்கியிலேயே ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கலாமா?

ஊர் கோவை, தை மாதம் கல்யாணம். அதன்பின் இருவர் சம்பளமும் ஒரே ஜாயின்ட் சேமிப்புக் கணக்கில் விழவேண்டும் என்று பேசியிருக்கிறோம். இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்ற வகை.

அவருக்குப் பர்சனல் லோன் பாக்கி 3.4 லட்சம், இ.எம்.ஐ. 11,800, தேதி 5. கிரெடிட் கார்டில் 62,000 நிலுவை. இதுவரை மினிமம் டியூ மட்டும்தான் கட்டியிருக்கிறார். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டியே 2,170, ஜி.எஸ்.டி. தனி. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது (இது அவருக்கே தெரியாது!). இரண்டும் ஒரே வங்கி. எனக்குக் கடன் இல்லை. அம்மாவுக்கு மாதம் 8,000 அனுப்புகிறேன், அது நிற்காது.

இதுவரை செய்தவை: இருவரின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்தோம், மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தோம். என் சேமிப்பிலிருந்து கார்டை முதலில் அடைப்பதாக முடிவு. லோன் ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் இடித்தது: தவணை தவறினால் கடனாளியின் எந்தக் கணக்கிலிருந்தும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கிளையில் இரண்டு பேரிடம் கேட்டோம், இரண்டு பதில். என் சம்பளம் வருவதோ 7-ம் தேதி.

அதே வங்கியில் ஜாயின்ட் அக்கவுண்ட் திறந்தால், அவர் பெயரில் மட்டும் உள்ள கடனுக்கு அதிலுள்ள என் பணத்தையும் வங்கி பிடிக்க முடியுமா?