கலைச்சொல் வேண்டும்: பிராண்ட் பொசிஷனிங்

கவிதா:
வணக்கம். புதிதாக வரவிருக்கும் பாக்கெட் தேயிலை ஒன்றுக்கு வணிகத் திட்டம் எழுதுகிறேன். பிராண்ட் பொசிஷனிங் பகுதிக்குத் தலைப்பு அமையவில்லை. 'நிலைப்படுத்தல்' என்று போட்டால் ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுப்பதுபோல் இருக்கிறது. அந்தப் பகுதியின் முதல் வரி: 'தரமான தேயிலையை விரும்பும் குடும்பங்களுக்கு, தோட்டத்துப் புதுமணம் மாறாத சுவை.' தலைப்பு கிடைத்தால் வேலை முடிந்தது.

முருகேசன்:
'அடுக்கிடம்' எனலாமே. நாங்கள் ஒரு சோப்பு போட்டோம். கடைக்காரர்கள் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார்கள், நகரவே இல்லை. கண்மட்டத்துத் தட்டுக்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள்.

இளங்கோ:
கேட்டது கடைத் தட்டைப் பற்றி அல்ல, முருகேசன். வாங்குபவர் மனத்தில் பிடிக்கிற இடம். ஒரு நல்ல விளம்பர வாசகம் அமைந்தால் அது தானாக வந்துவிடும். 'நிலைநிறுத்தல்' அல்லது 'மனவிடம்' என் பரிந்துரை.

செண்பகம்:
இளங்கோ ஐயா, மனத்தில் என்றீர்களே, அது சரி. ஆனால் வாசகம் கடைசியில் வருவது. எந்த இடம் என்று முடிவானால்தான் அதை எழுதவே முடியும். 1969-இல் அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் ஜாக் டிரவுட் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிய காலத்திலிருந்தே கேள்வி ஒன்றுதான்: வேறொரு பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மனத்தில் புதியவர் எங்கே நுழைவது? நிலைநிறுத்தல் பெயர் வாங்கியவர்களின் வேலை. புதியவருக்கு நிலையே இல்லையே. மனவிடம் வேண்டவே வேண்டாம். 'விடம்' என்று காதில் விழும் சொல்லைத் தேயிலைக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

கவிதா, எனக்குத் தலைப்பைவிட அந்த முதல் வரிதான் உறுத்துகிறது. அதற்கு முன்னால் உங்கள் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு முன்னணிப் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்படியே பொருந்தும். பொருந்தினால் அந்த வரி அவர்களுக்குத்தான் வேலை செய்யும்.

புதுமணம் என்பது இன்னும் ஆபத்து. ஈரமும் காற்றும் பட்டால் தேயிலையின் மணம் போய்விடும். அதனால் பாக்கெட் கடையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பது முக்கியம். பெரிய பெயர்களின் சரக்கு வேகமாக நகரும், புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும். உங்களுடையது தொடக்கத்தில் மெதுவாகத்தான் போகும். யாராவது இரண்டு பாக்கெட்டிலும் தேதியைப் பார்த்தால் உங்கள் வரியே உங்களைக் காட்டிக்கொடுக்கும். சரி, உள்ளே இருப்பது என்ன தேயிலை?

கவிதா:
சிடிசி இல்லை, இலையாகவே உருட்டிப் பதப்படுத்தும் ஆர்த்தடாக்ஸ். பாலில் நிறம் பிடிக்காது. அது குறை என்று நினைத்துத்தான் திட்டத்தில் எழுதவில்லை.

செண்பகம்:
அங்கேதான் உங்கள் இடம் இருக்கிறது! சிடிசியில் இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாகச் சுருட்டுகிறார்கள். அதனால் சாறு சீக்கிரம் இறங்கும், கறுப்பாக இருக்கும், பால் ஊற்றினாலும் எடுபடும். பால் டீ என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களோடு அந்த இடத்தில் மோதாதீர்கள். 'பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு, பால் டீக்கென்று கலந்த தூளைவிடக் கடுப்புக் குறைந்த தேயிலை; உருட்டிய இலை என்பதால் சாறு மெதுவாக இறங்கும்' என்று எழுதிப் பாருங்கள். யாருக்கு, எதற்குப் பதிலாக, ஏன் நம்பலாம், மூன்றும் வந்துவிட்டன. முன்னணிப் பெயரைப் போட்டால் இப்போது வரி பொய்யாகிவிடும்.

இதற்கு விலையும் உண்டு. குடும்பத்தார் எல்லாரும் வாங்க மாட்டார்கள். பாலில் கொதிக்கவைத்துவிட்டு 'தண்ணீராக இருக்கிறது' என்பவர்களும் வருவார்கள். அதனால் 'பால் வேண்டாம்' என்பது பாக்கெட்டின் முகப்பிலேயே, பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில் வர வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். 'இடங்கோரல்' எப்படி? நாம் கோரத்தான் முடியும், கொடுப்பது வாங்குபவர்.

இளங்கோ:
பொருள் சரி. ஆனால் 'ஒப்பந்தப்புள்ளி கோரல்' என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரசாங்க அறிவிப்பு வாடை அடிக்கிறதம்மா. 'இடம்பிடித்தல்' எல்லாருக்கும் புரியும்.

செண்பகம்:
புரியும். ஆனால் பிடித்துவிட்டதாகவே தொனிக்கிறது. கடைக்கு வராத பொருளின் திட்டத்தில் அப்படி எழுதினால், கோரியது வேறு, கிடைத்தது வேறு என்பதே மறந்துபோகும். நீங்கள் 'கடுப்பில்லாதது' என்பீர்கள், மக்கள் 'அந்த வெளிர் டீ' என்பார்கள்.

கவிதா:
தலைப்புக்கு இப்போதைக்கு 'இடங்கோரல்' வைக்கிறேன். இளங்கோ ஐயா சொன்ன வாடை எனக்கும் அடிக்கத்தான் செய்கிறது. கீழே 'கோரிய இடம்', 'பெற்ற இடம்' என்று இரண்டு பத்தி. இரண்டாவதைக் காலியாக விட்டிருக்கிறேன். விற்பனை தொடங்கியபின், வாங்கியவர்களிடம் 'இந்தத் தேயிலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்டு, அவர்கள் வார்த்தையிலேயே நிரப்பலாம் என்றிருக்கிறேன். பாக்கெட்டின் வாசகத்தைக் காட்டாமல்தான் கேட்க வேண்டும், இல்லையா?

செண்பகம்:
ஆமாம், காட்டினால் அதையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். ஒரு முறை வாங்கி நிறுத்தியவர்களையும் மறக்காமல் கேளுங்கள்.

முருகேசன்:
இதையெல்லாம் படித்தபின் ஒரு சந்தேகம். எங்கள் சோப்பு உறையில் 'தூய்மை, நறுமணம், மென்மை' என்று போட்டிருந்தோம். அப்போது தட்டு மட்டும்தான் காரணமா?